நாற்பத்தெட்டாம் நாள்

உடப்புக் கிராமத்தில் இரஞ்சிதத்துக்கு வாய் நீளம் என்று எல்லோருக்கும் தெரியும். கை நீளம் இல்லை, மனமும் பெரிசுதான், ஆனால் வாய் எல்லாவற்றையும் முந்திவிடும். அப்படிப்பட்டவள் ஒரு முழுக் காலையையும் வாயைத் திறக்காமல், மகளின் பள்ளிக்கூடக் கொப்பியில் இரண்டு தாள் கிழித்து, ஒரு கடிதம் எழுதினாள் என்றால் அவளுக்கு எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் எஞ்சின். வாங்காத எஞ்சின்.

அவள் புருசன் கதிரவேலுவிடம் சொந்தமாய் ஒரு பைபர் வள்ளம் இருந்தது, எஞ்சின்தான் இல்லை. பழைய எஞ்சின் கடலுக்குள்ளேயே உயிரை விட்டுவிட்டது. வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பிறத்தியார் வள்ளத்தில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தான். பிறத்தியார் வள்ளத்தில் பங்கு என்றால் தெரியும்தானே, மீன் நிறையக் கிடைத்தால் கணக்குக் குறையும், மீன் குறைந்தால் கணக்கே இருக்காது. அதனால் மாமியார் செல்லாச்சி தன் கையில் கிடந்த காப்பு இரண்டையும் கழற்றி, "வித்துப்போட்டு எஞ்சினுக்கு முற்பணம் கட்டு" என்று இரஞ்சிதத்தின் மடியில் போட்டாள். மருமகளோடு பன்னிரண்டு வருடம் சண்டை பிடித்த மனுசி அவள். அன்றைக்கும் காப்பைப் போட்ட கையோடு, "எழுதி வாங்கு, திகதி போட்டு வாங்கு, உனக்கு எல்லாம் அவசரம்" என்று சேர்த்துத்தான் போட்டாள்.

சிலாபத்தில் 'நீலதாரகை' என்று ஒரு எஞ்சின் கடை. இருபத்தைந்து குதிரைவலு எஞ்சினுக்கு நாற்பதாயிரம் முற்பணம் கட்டினார்கள். சண்டை திரும்பவும் மூண்டிருந்த காலம் அது. அந்தக் கரையில் அந்த அளவு எஞ்சின் போட வேண்டுமென்றால் பாதுகாப்பு அனுமதி எடுக்க வேண்டும். கடைக்காரர்களுக்கும் அது தெரியும், அதனால் பற்றுச்சீட்டின் அடியிலேயே அச்சடித்திருந்தார்கள்: அனுமதி மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தைக் கையளித்து முப்பது நாட்களுக்குள் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும். அனுமதி மறுக்கப்பட்டது. இரஞ்சிதம் மறுப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சிலாபத்துக்குப் போய்க் கடையில் கொடுத்தாள். மேசையில் ஒரு புதுப் பெடியன் இருந்தான். வாங்கிக்கொண்டு, "சரி அக்கா, முப்பது நாள்" என்றான். அவளும் "சரி தம்பி" என்று வந்துவிட்டாள். எழுதி வாங்கவில்லை. திகதி போட்டும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேரும்போது செல்லாச்சி வாசலில் இருந்தாள். "எழுதி வாங்கினியா?" என்றுதான் முதல் கேள்வி. "உங்களுக்கு எப்ப பாத்தாலும் இதே கதைதான்" என்று சொல்லிவிட்டு இரஞ்சிதம் குசினிக்குள் போனாள். பொழுது சாய்கிற நேரத்தில் செல்லாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள் எழும்பவே இல்லை. ஆஸ்பத்திரி வான் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

சாவீடு என்றால் நாள் எண்ணுவதுதான் முதல் வேலை. மூன்றாம் நாள், எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் காரியம் என்று வருகிற சனம் எல்லாம் எண்ணிக்கொண்டே இருக்கும். இரஞ்சிதத்துக்கு அது வசதியாய்ப் போயிற்று. மாமி போன நாளும் கடிதம் கொடுத்த நாளும் ஒரே நாள். ஆகவே ஒரு கணக்குப் போதும். இன்றைக்கு மாமிக்குப் பதினைந்தாம் நாள், எஞ்சின் காசுக்கும் பதினைந்தாம் நாள். காரியத்துக்கு முந்தின நாள் முப்பது முடிந்தது. காசு வரவில்லை. காரியமும் முடிந்தது. காசு வரவில்லை. தொலைபேசி எடுத்தால் "பாக்கிறம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இதற்கிடையில் மாம்புரிச் சரீப் காக்கா தன்னுடைய எட்டுக் குதிரை எஞ்சினை விற்கப்போவதாய்க் கதை வந்தது. நல்ல எஞ்சின், அதற்கு அனுமதியும் வேண்டாம். முப்பத்தெட்டாயிரம் கேட்டார். பருவம் தொடங்கிவிட்டது, கடல் தணிந்துவிட்டது. கதிரவேலு போய்க் கெஞ்சிக் கேட்டதற்கு, "ஒங்களுக்காகக் கொஞ்ச நாள் வெச்சிக்கிறன் தம்பி, அதுக்கு மேல ஏலாது, நீர்கொழும்பு ஆள் ஒருத்தர் காசைக் கையில வெச்சிக்கொண்டு நிக்கிறார்" என்றார்.

அப்போதுதான் இரஞ்சிதம் கொப்பியைக் கிழித்தாள். மூன்று தரம் எழுதி, இரண்டு தரம் கிழித்துப் போட்டாள். கிழித்துப் போட்டதில் இருந்த வார்த்தைகளை நான் இங்கே எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. கடைசியில் அனுப்பியது இதுதான்:

*ஐயா, உங்கள் கடையில் எஞ்சினுக்கு நாற்பதாயிரம் ரூபா முற்பணம் கட்டினோம். அனுமதி கிடைக்கவில்லை. மறுப்புக் கடிதத்தை நானே உங்கள் கடையில் கொடுத்தேன். முப்பது நாட்களுக்குள் பணம் தருவதாக உங்கள் பற்றுச்சீட்டில் இருக்கிறது. கொடுத்து இன்றோடு நாற்பத்தெட்டாம் நாள். நீங்கள் சொன்ன முப்பது போகப் பதினெட்டு நாட்கள் கூடிவிட்டன. எங்கள் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. பணத்தை உடனே தரவும். தராவிட்டால் நுகர்வோர் அலுவலகத்துக்கு எழுதுவேன். இப்படிக்கு, க. இரஞ்சிதம்.*

மேலே பற்றுச்சீட்டு இலக்கத்தையும், ஒக்டோபர் பதினைந்து என்று அன்றைய திகதியையும் போட்டாள். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்து, வாசலில் இருந்து ஒரு பெரிய கோப்பைத் தேத்தண்ணி குடித்தாள். பதினெட்டு நாட்கள் என்று எழுதிய இடத்தில் பேனையை அழுத்திப் பிடித்ததில் தாளே கிழியப் பார்த்தது. 'கனநாள்' என்று எழுதினால் கடைக்காரன் 'கொஞ்சநாள்' என்பான், பதினெட்டு என்று எழுதினால் என்ன சொல்வான் என்று அவளுக்கு ஒரு திமிர்.

என்ன சொல்வான் என்று ஒரு கிழமையில் தெரிந்தது. கடையின் மனேஜர் விநாயகமூர்த்தி கையெழுத்துப் போட்டு, தட்டச்சில் அடித்த கடிதம் வந்தது. கதிரவேலு எழுத்துக்கூட்டி வாசித்தான். உங்கள் பெயரில் எந்த மறுப்புக் கடிதமும் எமது உள்வரும் கடிதப் பதிவேட்டில் இல்லை. மேலும், நீங்கள் குறிப்பிட்ட கணக்கின்படி நீங்கள் அதைக் கையளித்த நாள் ஓகஸ்ட் இருபத்தெட்டு. அது நிக்கினிப் போயா தினம், பௌர்ணமி விடுமுறை. அன்று எமது நிலையம் பூட்டியிருந்தது. எனவே உங்கள் கூற்றை ஏற்க இயலாதுள்ளது.

"பூட்டின கடையில போய்க் கடிதம் குடுத்தனியா?" என்றான் கதிரவேலு.

அவன் பகிடியாய்த்தான் கேட்டான். ஆனால் இரஞ்சிதம் கடிதத்தைப் பிடுங்கித் தானே ஒரு தரம் வாசித்தாள். கடை திறந்திருந்தது, மேசையில் பெடியன் இருந்தான், மின்விசிறி சுற்றியது, எல்லாம் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் நாற்பத்தெட்டும் சரிதான், மாமிக்கு அன்று நாற்பத்தெட்டாம் நாள் என்பதை ஊரே சொல்லும். இரண்டும் சரியென்றால் போயா எங்கேயிருந்து வந்தது? அவளே தன்னை நம்பாமல் போனாள். எண்ணிக்கை பிழைத்துவிட்டது, இனி என்ன சொன்னாலும் பொய் சொல்கிறவள் என்றுதான் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பயந்தாள். அவ்வளவு திமிராய் எழுதிய பதினெட்டு இப்போது அவள் கழுத்தையே பிடித்துக்கொண்டு நின்றது.

"விடு" என்றான் கதிரவேலு. "காசு போனால் போகட்டும். நான் இந்தப் பருவமும் பங்குக்குப் போறன்."

"உங்கட அம்மாட காப்பு அது."

சரீப் காக்கா சொல்லியனுப்பிய தவணை வெள்ளிக்கிழமை ஜும்மாவோடு முடிகிறது. அன்று திங்கள். செவ்வாய் முழுவதும் அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஒன்றுதான் மிஞ்சியது: மாமி போன நாளுக்கு ஒரு காகிதம் இருக்கிறது. அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் கிடந்த மரண அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்தாள். இறந்த திகதி: ஓகஸ்ட் இருபத்தொன்பது. இருபத்தெட்டு இல்லை. அவளுக்கு இன்னும் குழம்பியது. எங்கேயோ ஒரு நாள் காணாமல் போயிருக்கிறது. எங்கே என்று மட்டும் தெரியவில்லை.

புதன்கிழமை பஸ்ஸில் ஏறினாள். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, பையைத் திறந்து பார்த்தார்கள். ஆமிக்காரப் பையன் மரண அத்தாட்சிப் பத்திரத்தை விரித்துப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் ஏதோ மெதுவாய்ச் சொல்லி, மடித்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அந்தச் சோதனையில் முக்கால் மணித்தியாலம் போயிற்று. சிலாபத்தில் இறங்கும்போது ஒரு மணி தாண்டிவிட்டது.

கடையில் அன்றைக்கு அந்தப் பெடியன் இல்லை. மேசையில் மர்ளியா என்று ஒரு பிள்ளை, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இரஞ்சிதம் கடிதத்தை மேசையில் வைத்து, வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஏச்சைத் தொடங்குவதற்குள், அந்தப் பிள்ளை, "இரிங்க அக்கா, வேர்த்துப்போயிருக்கிறீங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். இரஞ்சிதம் உட்கார்ந்துவிட்டாள். இப்படிப்பட்ட ஆட்களோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம்.

மனேஜர் விநாயகமூர்த்தி வந்தார். முன்னேஸ்வரத்து ஆள், நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் மூன்று பேனை. "அம்மா, நான் பொய் எழுதேல்ல" என்றார் எடுத்தவுடனே. "உங்கட பேர்ல தேடினன், இல்ல. பிறகு நீங்க எழுதின நாளை வெச்சுப் பின்னுக்கு எண்ணினன். போயாவிலதான் வந்து நிக்குது. நீங்களே பாருங்க." சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி மேசையில் விரித்தார். பதினைந்திலிருந்து நாற்பத்தெட்டு நாளைப் பின்னுக்கு எண்ணிக் காட்டினார். சரியாய் இருபத்தெட்டில், சிவப்பு எழுத்தில், போயாவில் வந்து நின்றார்.

"ஐயா, நான் கடிதம் தந்த அண்டைக்குத்தான் எங்கட மாமி மோசம் போனவ" என்று இரஞ்சிதம் பத்திரத்தை எடுத்து விரித்தாள். "இதில இருபத்தொன்பது எண்டு போட்டிருக்கு."

"அப்ப இருபத்தொன்பதில இருந்து நாற்பத்தேழுதானே. நீங்க நாற்பத்தெட்டு எண்டு எழுதியிருக்கிறீங்க."

"நாற்பத்தெட்டுத்தான். நான் எண்ணிக் காட்டுறன்." அவளுக்கு இப்போது கோபம் வந்துவிட்டது, அது நல்லதாய்ப் போயிற்று. கலண்டரைத் தன் பக்கம் இழுத்து, இருபத்தொன்பதின் மேல் விரலை ஊன்றினாள். "மாமி போன நாள், ஒண்டு. முப்பது, ரெண்டு. முப்பத்தொண்டு, மூண்டு—"

"நில்லுங்க" என்றார் மனேஜர். "ஒண்டா?"

"ஒண்டுதான். பிறகென்ன, செத்த நாளை எண்ணாமலா விடுவாங்க?"

மனேஜர் அவளையே பார்த்தார். பிறகு கலண்டரைப் பார்த்தார். நெற்றியில் கை வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். "என்ர அப்பாவுக்கும் போன வருசம் அப்பிடித்தான் எண்ணினம்" என்றார். "முப்பத்தொண்டுக்கு ஆள் கூப்பிட நானே கார்ட் அடிச்சன். கந்தோருக்கு வந்தவுடனே மண்டையில வேற கணக்கு ஏறிருது."

"எங்கட வாப்பாட நாற்பதாம் கத்தமும் அப்படித்தான்" என்றாள் மர்ளியா. "மௌத்தான நாளும் சேத்தித்தான் எண்ணின."

இதைக் கேட்டபோது இரஞ்சிதத்துக்குத் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. அவள் பொய் சொல்லவில்லை, எண்ணிக்கையும் பிழைக்கவில்லை. சாவீட்டுக் கணக்கை எஞ்சின் கடைக்குக் கொண்டுவந்துவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் காசு இன்னும் வரவில்லை என்பதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"அப்ப இருபத்தொன்பதைப் பாப்பம்" என்று மனேஜர் பதிவேட்டை எடுத்தார். போயாவுக்கு மறுநாள், ஆகவே ஒரு பக்கம் நிறையக் கடிதங்கள். மூவரும் குனிந்தார்கள். கதிரவேலு என்ற பெயரும் இல்லை, இரஞ்சிதம் என்ற பெயரும் இல்லை. இரஞ்சிதம் மேலிருந்து கீழே இன்னொரு தரம் விரலை ஓட்டினாள்.

"இது என்ன?" என்றாள் மர்ளியா. பக்கத்தின் நடுவில், யாரோ அவசரத்தில் கிறுக்கியதுபோல், ஒரு வள்ளப் பதிவு இலக்கமும் 'அனுமதி மறுப்பு' என்ற சொல்லும் மட்டும் இருந்தன. "அண்டைக்கு நான் லீவு. அந்தப் பெடியன்தான் பதிஞ்சிருக்கிறான். மறுப்புக் கடிதத்தில வள்ள நம்பர்தானே முதல்ல இருக்கும், அதையே எழுதிப்போட்டான். பற்றுச்சீட்டு நம்பரைச் சேர்த்து எழுதினாத்தானே கணக்குப் பகுதிக்குப் போகும்."

"உங்கட வள்ள நம்பர் தெரியுமா அம்மா?"

தெரியுமாவா? கடன் வாங்கிச் சாயம் அடித்த இலக்கம், கரையில் கவிழ்ந்து கிடக்கும்போது தினமும் பார்க்கிற இலக்கம். அவள் ஒரு மூச்சில் சொன்னாள். மனேஜர் பதிவேட்டில் விரலை வைத்துக்கொண்டே கேட்டார். ஒவ்வொரு எழுத்தும் பொருந்தியது. மர்ளியா ஓடிப்போய், பின்னறையில் வள்ளங்களின் திருத்த வேலைக் கோப்புகளுக்குள் தேடி, மறுப்புக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு மூலையில் எண்ணெய்க் கறை பட்டிருந்தது, மற்றபடி இரஞ்சிதம் கொடுத்த மாதிரியே இருந்தது.

"பிழை எங்கட" என்றார் மனேஜர். சொல்லிவிட்டு இன்னொரு தரமும் சொன்னார். "கடிதத்தில நீங்க நாளை எண்ணி எழுதாம, கனநாளாச்சு எண்டு மட்டும் எழுதியிருந்தா, நான் பேர் இல்லை எண்டு சொல்லி மூடி வெச்சிருப்பன். அதுதான் உண்மை."

"அதெல்லாம் இருக்கட்டும் ஐயா. காசு?"

மனேஜர் சிரித்துவிட்டார். ஐம்பதாயிரம் வரைக்கும் அவர் கையெழுத்தே போதும், முதலாளிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் நாளைக்கு வப் போயா, பாங்கு பூட்டு. அடுத்த நாள் வெள்ளி, அதற்குள் பாங்கு திறந்து, பஸ் பிடித்து, ஜும்மாவுக்கு முன் மாம்புரிக்குப் போவது நடக்கிற காரியம் இல்லை. நேரம் இரண்டு இருபது. பாங்கு மூன்று மணிக்குப் பூட்டிவிடும். மனேஜர் பற்றுச்சீட்டையும் மறுப்புக் கடிதத்தையும் சேர்த்துக் குத்தினார், வவுச்சரை நிரப்பினார், காசுச் செக்கில் ஒப்பம் போட்டார். வவுச்சரில் தாமதத்துக்கான காரணமும் நாளும் எழுத வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் பிழை என்று எழுதி, பேனையை நிறுத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"செப்டெம்பர் இருபத்தெட்டோட முப்பது முடிஞ்சுது. இண்டைக்கு இருபத்தாறு நாள் பிந்தியிருக்கு, எங்கட கணக்கில."

"எங்கட கணக்கில இருபத்தேழு."

"எதை எழுத?"

"உங்கடையையே எழுதுங்க ஐயா. ஒரு நாளை உங்களுக்கு விட்டுத்தாறன்."

மர்ளியா அவளைக் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்து பாங்குக்கு ஓடினாள். காவலாளி கேற்றை அரைவாசி இழுத்துவிட்டிருந்தான். மர்ளியா சிங்களத்தில் எதையோ சொல்ல, அவன் இருவரையும் உள்ளே விட்டான். ஆயிரம் ரூபாத் தாள்கள் நாற்பது. இரஞ்சிதம் இரண்டு தரம் எண்ணினாள். முதல் தாளை ஒன்று என்றுதான் எண்ணினாள், அதை இங்கே எவரும் பிழை சொல்லவில்லை. வெளியே வந்ததும் மர்ளியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா பிள்ளை?" என்று கேட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் யன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. கைப்பையில் காசு ஒரு பக்கம், மரண அத்தாட்சிப் பத்திரம் மறுபக்கம். பஸ் பத்துளு ஓயா ஆற்றைத் தாண்டும்போது அவளுக்கு அழுகை வந்தது. சாவீட்டில் அவள் அழுதாள்தான், சனம் பார்க்க அழ வேண்டுமே என்று அழுதாள். இது வேறு. பக்கத்தில் இருந்த மனுசி என்னவென்று கேட்டதற்கு, "எங்கட மாமி" என்று மட்டும் சொன்னாள். அந்த மனுசியும் யாரையோ நினைத்திருப்பாள், மேற்கொண்டு கேட்கவில்லை.

கதிரவேலு கடற்கரையில், கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின் மேல் இருந்தான். அவள் வருகிற நடையைப் பார்த்தே எழும்பிவிட்டான். அவள் காசை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அதை எண்ணவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றான்.

"தந்திட்டாங்களா? அந்தக் கடிதத்துக்குப் பிறகும்? எப்பிடித் தந்தாங்கள்?"

"எழுதி வாங்கு, திகதி போட்டு வாங்கு எண்டு உங்கட அம்மா தலைப்பாடாய் அடிச்சவ. நான் கேக்கேல்ல" என்றாள் இரஞ்சிதம். "அண்டைக்கே அவவே திகதியைப் போட்டுத் தந்திட்டுப் போயிருக்கிறா. நாளைக்கு விடிய மாம்புரிக்கு வெளிக்கிடுங்க, சரீப் காக்கா காத்துக்கொண்டிருப்பார்."